செயற்கை நுண்ணறிவு: பேச வருபவரிடம் என்ன கேட்கலாம்?

இப்போது செயற்கை நுண்ணறிவின் ஒழுக்கவியல் பற்றிப் பேசக் கொழும்பிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். திரையில் படம் ஓடும், 'தரவில் பக்கச்சார்பு', 'பொறுப்புக்கூறல்' என்ற சொற்கள் வரும். முடிவில் கேள்விக்குப் பத்து நிமிடம் தருவார்கள். யாராவது எழும்பி "எங்கட வேலையெல்லாம் போயிடுமா?" என்று கேட்பார், அதற்குள் நேரம் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எங்கட மொழியிலிருந்தும் எங்கட அனுபவத்திலிருந்தும் வரக்கூடியவை அவை.

முதலில் கேட்க வேண்டியது: உங்கள் இயந்திரம் எந்தத் தமிழைப் படித்தது?

மொழி இயந்திரம் தமிழை யாரிடமும் பாடங் கேட்டுக் கற்பதில்லை. இணையத்தில் கிடக்கும் கோடிக்கணக்கான வரிகளை வாரியெடுத்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருகிறது என்று கணக்குப் பார்த்துப் பழகுகிறது. இணையத் தமிழில் மிகப் பெரும் பங்கு தமிழ்நாட்டினுடையது. 'பள்ளி' என்ற சொல்லையே எடுங்கள். "பள்ளிக்குப் போயிட்டு வாறன்" என்று எங்கட வீட்டில் ஒருவர் சொன்னால் அவர் தொழப் போகிறார். தமிழ்நாட்டு எழுத்தில் அதே வரிக்குப் பிள்ளை பாடம் படிக்கப் போகிறது என்று பொருள். நூறு வரியில் தொண்ணூற்றைந்து ஒரு பொருளில் வந்தால் மிச்ச ஐந்தையும் அந்தப் பொருளிலேயே இயந்திரம் வாசிக்கும். 'பள்ளித் தலைவர்' என்பதைப் பாடசாலை அதிபர் என்று மொழிபெயர்த்தால் அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. பக்கச்சார்பு பெரும்பாலும் இப்படித்தான், பகையால் அல்ல, எண்ணிக்கையால் வருகிறது.

எங்கட எழுத்து ஏன் அங்கே குறைவு? 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறியவர்கள் கடிதங்களையும் பழைய மலர்களையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் உண்டு. இலங்கையில் நீண்டகாலம் மலர்களும் சஞ்சிகைகளும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சாயின. பாமினியில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிவது கணினிக்குள் இப்படி இருக்கும்:

```
jkpo;
```

எழுத்துரு என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய சட்டைதான். இணையத்தை வாரும் நிரல் சட்டையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைப் பார்க்கிறது. அது எந்த மொழியும் இல்லை, குப்பை என்று வடிகட்டி எறிந்துவிடுகிறது. நூலகம் நிறுவனம் 2005 முதல் மின்வடிவாக்கிய ஈழத்து நூல்களிலும் மிகப் பல, பக்கங்களின் படங்கள். மனிதர் வாசிக்கலாம், படத்தை எழுத்தாக மாற்றாத வரை இயந்திரத்துக்கு அது வெறும் படம்.

இதைச் சோதிக்கப் பேராசிரியர் தேவையில்லை. உங்கள் சங்கத்தின் ஏதாவதொரு பிடிஎஃப் மலரைத் திறந்து, ஒரு பந்தியைப் பிரதி எடுத்து, தொலைபேசியில் செய்தி அனுப்பும் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் அது யுனிகோட். `jkpo;` மாதிரி வந்தால் பாமினி. எதையுமே பிரதி எடுக்க முடியாவிட்டால் அது படம். பின்னிரண்டும் இயந்திரத்தின் கணக்கில் எழுதப்படாதவை. அப்போது எங்களைப் பற்றி அது படிப்பது பிறர் எழுதியதை, அதுவும் பெரும்பாலும் வெளியேற்றம் என்ற ஒரே நாளைச் சுற்றி. சோனகத்தெருவின் கல்யாணமும் வியாபாரமும் கவிதையும் அதற்குத் தெரியாது. ஹதீஸ் கலையில் செய்தியைக் கேட்டவுடன் இஸ்னாதைக் கேட்கிறோம் அல்லவா? பேச்சாளரிடமும் அதையே கேட்கலாம்: இந்த வரி யாரிடமிருந்து வந்தது, அந்தப் பட்டியலைக் காட்டுவீர்களா?

அடுத்த கேள்வி, தவறு நடந்த பின்பு எழுவது. அதற்கு இந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மாக்கட்டி ஒன்று கிடந்தது. மலட்டு மாத்திரை கலந்ததாகக் கூட்டம் கூடியது. சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் மிரட்டலுக்கு நடுவில் தடுமாறிச் சொன்ன பதிலை ஒருவர் படம்பிடித்தார். அது 'ஒப்புதல் வாக்குமூலம்' ஆகி முகநூலில் ஓடியது. அது வெறும் மாச்சத்து என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னார். அதற்கிடையில் மார்ச் முதல் வாரம் திகனையில் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. 6ஆம் திகதி அவசரகால நிலை வந்தது, மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன.

அந்த நாட்களில் முஸ்லிம்களைக் குழந்தையையும் விடாமல் கொல்லச் சொல்லும் ஒரு சிங்களப் பதிவை முகநூலுக்கு முறையிட்டார்கள். எங்கள் விதிகளை அது மீறவில்லை என்று பதில் வந்தது. இதன் பொறிமுறையைக் கவனியுங்கள். வெறுப்புப் பேச்சைப் பிடிக்கும் வடிகட்டிக்கு, "இது வெறுப்பு, இது இல்லை" என்று மனிதர் குறியிட்ட ஆயிரக்கணக்கான உதாரணங்கள் வேண்டும். ஆங்கிலத்தில் அவை ஏராளம். சிங்களத்தில் உதாரணமும் குறைவு, வாசித்துப் பார்க்கும் ஊழியரும் குறைவு. வடிகட்டி கொடியதைத் தவறவிட்டது.

அதே நிறுவனம் மறுபக்கமும் தவறியது. அது ஆபத்தானவர்களாகப் பட்டியலிட்டவர்களைக் குறித்து 'ஷஹீத்' என்ற சொல் வந்தால் அதைப் புகழ்ச்சி என்றே கொண்டு நீக்கிவந்தது. செய்தியா, துக்கமா, விமர்சனமா என்று பார்க்கவில்லை. அந்த மொத்தத் தடையைக் கைவிடும்படி 2024 மார்ச்சில் அதன் மேற்பார்வைச் சபையே சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே "எங்கள் கருவி தொண்ணூறு வீதம் சரி" என்று பேச்சாளர் சொன்னால், உடனே கேளுங்கள்: எந்த மொழியில்? தவறவிட்டது எத்தனை, தவறாகப் பிடித்தது எத்தனை? இரண்டையும் மொழிவாரியாகப் பிரித்துச் சொல்லாத வீதம் எங்களுக்கு எதையும் சொல்லவில்லை.

இனிப் பொறுப்பு. திகனைக்கு இரண்டு வருடம் கழித்து, 2020 மே மாதம், தான் அமர்த்திய ஆய்வின் சுருக்கத்தை வெளியிட்ட முகநூல் நிறுவனம், விளைந்த மனித உரிமைப் பாதிப்புகளுக்கு மன்னிப்புக் கேட்டது. ஆனால் கடை எரிந்தவருக்கு மன்னிப்பு மட்டும் போதுமா? ஃபிக்ஹில் இதற்கு 'ளமான்' என்ற சொல் உண்டு, ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்யும் கடப்பாடு. மருத்துவம் கற்காமல் மருத்துவம் பார்த்தவன் விளைந்த கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. சிங்களத்தையும் தமிழையும் கற்பிக்காத வடிகட்டியை அந்த மொழிகள் பேசும் நாட்டில் ஓடவிடுவது அந்த மருத்துவனின் நிலைதானே என்று எனக்குத் தோன்றுகிறது. கிதாபு ஓதியவர்கள் இதை இன்னும் துல்லியமாகச் சொல்லக்கூடும்.

சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவு ஒருவரைப் பாதித்தால் அதை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையைத் தருகிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதி தள்ளிப்போடப்பட்டது வேறு கதை. வங்கிக் கடனோ காப்புறுதியோ "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிட்டுது" என்று மறுக்கப்பட்டவர் முதலில் கேட்க வேண்டியது, முடிவு முழுக்க இயந்திரத்தினதா, ஒரு உத்தியோகத்தர் பார்த்தாரா என்பது. பார்த்தார் என்றால் பெயரும் பதவியும் வேண்டும். இல்லை என்றால் மீளாய்வை எழுத்தில் கேட்க வேண்டும், எந்த விவரம் பிழையென்று நினைக்கிறோமோ அதையும் சேர்த்து. 1990க்குப் பின் புத்தளத்தில் ஒரு விலாசம், யாழ்ப்பாணத்தில் ஒரு விலாசம் என்று வாழும் குடும்பங்களுக்கு விலாசம் பொருந்தாமல் போவது சாதாரணம். அதைச் சந்தேகத்துக்குரியதாக இயந்திரம் எண்ணுமா என்று அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுங்கள்.