படி வைத்த கட்டையும் ஒரு மறைகோடும்

60 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலம், 40 மி.மீ. உயரத்தில் ஒரு கட்டை. அதன் வலப்பாதியில் மேலிருந்து 20 மி.மீ. ஆழத்துக்கு வெட்டி எடுத்திருக்கிறார்கள். முன்னால் நின்று பார்த்தால் இடப்பக்கம் உயரமாகவும் வலப்பக்கம் படியாகவும் தெரியும். இதன் முன்தோற்றம், மேல்தோற்றம், இடப்பக்கத் தோற்றம் மூன்றையும் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில் வரையச் சொல்கிறது கேள்வி.

முதல் இரண்டும் எளிது. எல் வடிவத்தை முன்தோற்றமாக வரைந்து, 20 மி.மீ. இடைவெளி விட்டு, அதற்கு நேர்கீழே 60-க்கு 40 செவ்வகத்தை மேல்தோற்றமாகப் போடலாம். படி தொடங்கும் இடத்தில், செவ்வகத்தின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு வரும். அவ்வளவுதான்.

மார்க் போவது பக்கத்தோற்றத்தில்தான். ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில் நமக்கும் படம் விழும் தளத்துக்கும் நடுவே பொருள் இருக்கிறது. விளக்கொளியில் கையின் நிழல் எதிர்ச்சுவரில் விழுவதுபோல, இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றம் வலப்பக்கத் தளத்தில் போய் விழும். அதனால் இடப்பக்கத் தோற்றத்தை முன்தோற்றத்துக்கு வலப்புறம் வரைய வேண்டும். அதன் உயரத்தை முன்தோற்றத்திலிருந்து நேராக இழுத்துக்கொள்ளலாம். அகலத்தை மேல்தோற்றத்திலிருந்து 45 டிகிரி கோடு வழியாகத் திருப்பி மேலே கொண்டுவரலாம். 40-க்கு 40 சதுரம் கிடைக்கும்.

அந்தச் சதுரத்துக்குள் அடியிலிருந்து 20 மி.மீ. உயரத்தில் ஒரு கோடு வர வேண்டும். அது முழுக்கோடா, விட்டுவிட்டுப் போடும் மறைகோடா? இடப்பக்கம் நிற்பவருக்கு உயரமான பகுதி படியை மறைத்துவிடுகிறது. எனவே அது மறைகோடுதான். ஆனால் தாளில் இந்தச் சதுரம் படிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், படி தெரிகிறது என்று நினைத்துக் கை தானாக முழுக்கோட்டை இழுத்துவிடுகிறது. விடைத்தாள்களில் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. கோடு போடுமுன் தாளைப் பார்க்காதீர்கள். கட்டைக்கு இடப்பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தேர்டு ஆங்கிள் முறையில் தளம் கண்ணாடிபோல நமக்கும் பொருளுக்கும் நடுவே வருகிறது. எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோமோ அந்தப் பக்கத்திலேயே படம் அமையும். மேல்தோற்றம் மேலே போகும், இடப்பக்கத் தோற்றம் இடப்புறம் போகும். ஆனால் மூன்று படங்களில் ஒரு கோடுகூட மாறாது. மறைகோடு மறைகோடாகவே இருக்கும். தேர்டு ஆங்கிளுக்கு மாற்றும்போது படத்தையே கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பிவிடுபவர்கள் உண்டு. இடம்தான் மாறுகிறது, படமல்ல.

எந்த முறை என்பதைத் தாளின் மூலையிலுள்ள குறியீடு சொல்லும். முனை வெட்டிய கூம்பும் அதன் பக்கத்தில் இரண்டு வட்டங்களும் இருக்கும். இரண்டு வட்டங்களுமே முழுக்கோடு, ஏனென்றால் கூம்பைக் குறுகிய முனைப் பக்கமிருந்து பார்க்கிறோம். வட்டங்கள் அந்த முனையை ஒட்டி இருந்தால் தேர்டு ஆங்கிள்; அகன்ற முனைப் பக்கம் தள்ளி இருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் பரிந்துரைப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்க வரைபடங்களில் தேர்டு ஆங்கிள்தான் வழக்கம்.

கேள்வியில் வலப்பக்கத் தோற்றம் கேட்டிருந்தால், படி கண்ணுக்கு நேரே வந்துவிடும். அப்போது அதே 20 மி.மீ. உயரத்தில் முழுக்கோடு போட்டு, ஃபர்ஸ்ட் ஆங்கிளில் முன்தோற்றத்துக்கு இடப்புறமும் தேர்டு ஆங்கிளில் வலப்புறமும் வரைய வேண்டும்.