‘இந்த இடத்துக்கு இல்லை, அந்த இடத்துக்குப் பாருங்கள்’

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வேலை பார்ப்பவர், தன் நண்பரின் ரெஸ்யூமேயை டேட்டா இன்ஜினியர் இடத்துக்கு ரெஃபர் செய்கிறார். நண்பருக்கு ஆரக்கிள் டேட்டாபேஸில் எட்டு வருட அனுபவம். ஆளெடுக்கும் மேனேஜரிடமிருந்து அவருக்கு இப்படிப் பதில் வருகிறது:

“ரெஸ்யூமே பார்த்தேங்க. எங்க டீம்ல ஸ்பார்க், காஃப்கா தினமும் தேவை. அது இவர்கிட்ட இல்லை, அதனால இதுக்கு எடுக்க முடியாது. ஆனா ஆரக்கிள்ல இருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாத்துற டீம்ல ஒரு இடம் இருக்கு. ஜாப் ஐடி கீழே போட்டிருக்கேன், அந்த மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டாம் பக்கத்துல கடைசியில கிடக்கிற மைக்ரேஷன் வேலையை மேல கொண்டு வரச் சொல்லுங்க.”

‘அவரே ரெஸ்யூமேயை அங்கே தள்ளிவிட்டிருக்கலாமே’ என்று தோன்றும். பெரிய நிறுவனங்களில் அது அவ்வளவு சுலபமல்ல. ஒவ்வொரு காலியிடமும் ஒரு டீமின் பட்ஜெட்டில், தனி ஜாப் ஐடியோடு திறக்கப்படுகிறது. விண்ணப்பம் அந்த ஐடியோடுதான் ஒட்டியிருக்கும். ஓரிடத்தில் நிராகரித்தால் அந்தக் கதவு மட்டுமே மூடுகிறது. அடுத்த கதவு தானாகத் திறப்பதில்லை.

எனவே புது ஐடிக்கு மறுபடி ரெஃபர் செய்ய வேண்டும். இதில் வரிசை முக்கியம். பல நிறுவனங்களில், நண்பர் அவசரப்பட்டு இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பித்துவிட்டால், பிறகு ரெஃபரல் கணக்கில் ஏறாது. முதலில் ரெஃபரல், அதிலிருந்து வரும் லிங்க் வழியாக விண்ணப்பம் என்று போவதே பாதுகாப்பு.

ரெஸ்யூமேயையும் அப்படியே அனுப்பக் கூடாது. ‘மைக்ரேஷன் அனுபவம் உண்டு’ என்ற ஒற்றை வரி போதாது. ஆரக்கிளில் உள்ள பேக்கேஜ் வசதி போஸ்ட்கிரெஸில் இல்லை. அவற்றை எப்படிப் பிரித்து எழுதினார்? ஆரக்கிள் வெற்றுச் சரத்தை நல் மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் இரண்டையும் வேறுவேறாகப் பார்க்கும். அதனால் வந்த பிழைகளை எப்படிக் கண்டுபிடித்தார்? இவற்றை முதல் பக்கத்தில் எழுதினால், கையை நனைத்தவர் என்பது படிப்பவருக்கு உடனே புரியும்.

எல்லாப் பதிலும் இப்படி வராது. ‘ரெஸ்யூமேயை ஃபைலில் வைத்திருக்கிறோம், பொருத்தமான இடம் வந்தால் சொல்கிறோம்’ என்றால் அது பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்வது. ஜாப் ஐடியும், யாரிடம் பேச வேண்டும் என்பதும் இருந்தால்தான் அது வழிகாட்டல். அவை இல்லையென்றால், “எந்த ஐடிக்குப் போடலாம்?” என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம்.

வழிகாட்டியவர் வாக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்துவிடவும் கூடாது. அடுத்த டீமின் முடிவு அந்த மேனேஜருடையது. நேர்முகத் தேர்வு அங்கே முதல் சுற்றிலிருந்துதான் தொடங்கும்.