வீட்டுத் தண்ணீர் பில்டர் சீக்கிரம் அடைபடுவது ஏன்?

நம் சங்க உறுப்பினர்களில் பைப், பிளம்பிங் சாமான் விற்கும் கடைக்காரர்கள் அநேகர் உண்டு. மழைக்காலம் வந்தால் அவர்கள் கடையில் கேட்கும் புகார் ஒன்றுதான்: "அண்ணாச்சி, நீங்க தந்த பில்டர் ஒரு மாசம்கூட நிக்கல்லியே." நாமும் கம்பெனியைக் குறை சொல்லிவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுப்போம். அதுவும் அடைபடும். பிறகு அந்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

நெய்யூரில் எனக்கு வேண்டிய ஒருவர் வீட்டில் இப்படித்தான் நடந்தது. கிணற்றுத் தண்ணீரை மோட்டார் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் 10 அங்குல ஒல்லிக் கூடு, உள்ளே 5 மைக்ரான் ஸ்பன் கார்ட்ரிட்ஜ். மூன்று மாதம் வரும் என்று சொல்லி விற்றவன் நான்தான். ஐப்பசி மழையில் மூன்றே வாரத்தில் குழாயில் தண்ணீர் நூலாய் வந்தது.

கார்ட்ரிட்ஜ் புதிதாக இருக்கும்போது உள்ள அழுத்த இழப்பைவிட 10 முதல் 15 பவுண்டு வரை கூடினால் மாற்ற வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பம்பு அழுத்தத்திலேயே தண்ணீர் ஓடும் வீடுகளுக்கு அது சரி. நம் ஊரில் தண்ணீரைத் தள்ளுவது தொட்டியின் உயரம் மட்டுமே. ஓர் அடி உயரத்துக்குக் கிடைப்பது 0.43 பவுண்டு. அந்த வீட்டில் பில்டருக்கு மேலே 15 அடியில் தண்ணீர் நின்றது. ஆகக் கையிருப்பே ஆறரை பவுண்டுதான். பத்து பவுண்டு இழப்பு வரட்டும் என்று காத்திருந்தால் அது ஒரு நாளும் வராது, அதற்கு முன்னால் தண்ணீர் நின்றுபோகும்.

எனவே மீட்டருக்குப் பதில் வாளியைப் பிடித்தேன். கார்ட்ரிட்ஜைக் கழற்றி வெறும் கூட்டை மாட்டியபோது 15 லிட்டர் வாளி 65 விநாடியில் நிறைந்தது. புதியது போட்டால் 75 விநாடி. அடைபட்டதைத் திரும்பப் போட்டால் நான்கு நிமிடம். கணக்குப் போட்டுப் பார்த்தால், புதியது ஏறக்குறைய ஒன்றரை பவுண்டைத் தின்கிறது, அடைபட்டது ஆறு பவுண்டைத் தின்றுவிடுகிறது. வாளி நிறையும் நேரம் இரட்டிப்பாகும்போதே ஐந்து பவுண்டுக்கு மேல் பில்டரில் போய்விடுகிறது. ஆகையால் தொட்டித் தண்ணீருக்கு நான் இப்போது சொல்வது இதுதான்: புதிது போட்ட அன்று வாளி நேரத்தை எழுதி வையுங்கள், அது இரட்டிப்பானால் மாற்றுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது, அதே குழாயில், வேறெந்தக் குழாயும் திறக்காமல் பார்க்க வேண்டும். சிலர் இரு பக்கமும் மீட்டர் வைத்துவிட்டு, குழாயை மூடி வைத்துப் பார்க்கிறார்கள். தண்ணீர் ஓடாதபோது எவ்வளவு அடைபட்ட பில்டரிலும் இரண்டு முள்ளும் ஒன்றாகவே நிற்கும்.

அடுத்து, பழைய கார்ட்ரிட்ஜைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தோம். வெளியே செம்மண் தோல் படிந்திருந்தது. உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது. அதாவது அதன் கனத்தில் பெரும்பகுதி வேலையே செய்யவில்லை, மேல்தோல் மட்டும் மூடிக்கொண்டது. உட்புறம் வரை நிறம் ஏறியிருந்தால் அது தன் ஆயுளை முடித்த சரக்கு, குறை சொல்ல இடமில்லை. வெளிப்புறம் வெளுப்பாகவும் உள்துளை அழுக்காகவும் இருந்தால் முனையில் சரியாக அமராமல் தண்ணீர் சுற்றிப் போகிறது என்று பொருள். கையில் வழுவழுவென்று கூழாக ஒட்டினால் பாசியோ இரும்புச் சத்தில் வளரும் கிருமியோ காரணம். அதற்குத் தொட்டியைக் கழுவிக் குளோரின் போடாமல் எத்தனை கார்ட்ரிட்ஜ் மாற்றினாலும் பிரயோசனமில்லை.

இந்த வீட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. தொட்டியின் இறக்குக் குழாய் அடித்தரையோடு ஒட்டி இருந்ததால், தங்கிய வண்டலெல்லாம் நேரே பில்டருக்கு வந்தது. தொட்டியைக் கழுவி, உள்ளே நான்கு அங்குலம் குழாய்த் துண்டு செருகி வாயை உயர்த்தினோம். ஒல்லிக் கூட்டை எடுத்துவிட்டு 20 அங்குல ஜம்போ கூடும் 20 மைக்ரான் ஸ்பன்னும் போட்டோம். ஜம்போவின் வெளிப்பரப்பு ஒல்லியைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். சேறு அவ்வளவு இடத்தில் பரவுவதால் தோல் மெல்லியதாகவே படியும். குளிக்கவும் துவைக்கவும் 20 மைக்ரான் போதும். மைக்ரான் குறைந்தால் உசத்தி என்று நாமே வாடிக்கையாளரிடம் சொல்லிக் கெடுத்து வைத்திருக்கிறோம். குடிநீருக்கு அடுக்களையில் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசிக் கடைசியில் போட்ட அந்த ஜம்போவைத் தை பிறந்த பிறகுதான் மாற்ற வேண்டி வந்தது.

மோட்டாருக்கும் தொட்டிக்கும் நடுவில் வைத்தால் அழுத்தம் தாராளமாகக் கிடைக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். சிறிய கிணற்று மோட்டாருக்கு ஜம்போ வைக்கலாம். அங்கே முன்சொன்ன பத்து பவுண்டுக் கணக்கும் பொருந்தும். ஆனால் ஆழ்குழாய் மோட்டாருக்கு வேண்டாம். பில்டர் அடைபட்டால் மோட்டாரின் முழு அழுத்தமும் கூட்டின்மேல் ஏறிப் பிளாஸ்டிக் கூடு வெடித்துவிடும்.

ஸ்பன்னைப் பிரஷ் போட்டுக் கழுவித் திரும்ப மாட்டுகிறவர்களும் உண்டு. மேல்தோல் போகும், ஓட்டமும் கொஞ்சம் திரும்பும், ஆனால் நார் பிரிந்து சேறு உள்ளே இறங்கிவிடும். கழுவி உபயோகிக்க விரும்புகிறவருக்கு மடிப்புத் துணி வைத்த கார்ட்ரிட்ஜைக் காட்டுங்கள். விலை கூடுதல்தான் என்றாலும் பல தடவை கழுவலாம்.