இரவில் எழும் நெஞ்செரிச்சல்

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உணவு இறங்கியதும் மூடிக்கொள்வது அதன் வேலை. விழுங்காத நேரத்தில் அது தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறிவிடும். அமிலத்தைத் தாங்கும் கெட்டியான சளிப்படலம் இரைப்பைக்கு உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. நடுநெஞ்சு எரிவதும், புளித்த நீர் தொண்டைவரை எதுக்களிப்பதும் இதனால்தான்.

பகலிலும் அமிலம் ஏறுவதுண்டு. ஆனால் நிமிர்ந்திருக்கும் உடலில் அது தானாகவே கீழிறங்கிவிடும். அடிக்கடி விழுங்கும் உமிழ்நீர் மிச்சத்தைக் கழுவிவிடும். உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கிறது, விழுங்குவதும் அரிதாகிறது. படுத்த நிலையில் ஏறிய அமிலம் அங்கேயே நெடுநேரம் தங்கி உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது.

இரவு 10 மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் வயிறு முட்ட உண்டு, 10.30-க்குப் படுப்பவரை எடுத்துக்கொள்ளலாம். எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவு இரைப்பையை விட்டு வெளியேற 4 மணி நேரம்கூட ஆகும். நள்ளிரவிலும் அவர் வயிறு நிறைந்தே இருக்கும். அந்த அழுத்தத்தில் தசை வளையம் அடிக்கடி தளரும். வலப்பக்கம் சாய்ந்து படுத்தால், உணவுக்குழாயின் வாய் அமிலத்தின் மட்டத்துக்குக் கீழே போய்விடுவதால் தொல்லை கூடும். இடப்பக்கம் படுத்தால் அந்த வாய் மேலே நிற்கும்.

இவர் 7.30 மணிக்கே அளவாகச் சாப்பிட்டு, 3 மணி நேரம் கழித்துப் படுத்தால் பாதிச் சிக்கல் தீரும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துவதும் உதவும். தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும், அதனால் பயனில்லை.

காபி, சாக்லேட், மது, தக்காளி, புளி, மிளகாய் ஆகியவை பலருக்கு எரிச்சலைத் தூண்டும். எது ஒத்துக்கொள்ளாது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு வாரம் உணவையும் எரிச்சலையும் குறித்துவந்தால் தனக்கு ஆகாதது எதுவென்று தெரிந்துவிடும்.

எரிச்சல் உள்ள எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி தேவையில்லை. உணவு தொண்டைக்குக் கீழே சிக்குதல், விழுங்கும்போது வலி, காரணமின்றி எடை குறைதல், ஓயாத வாந்தி, இரத்தசோகை ஆகியவை இருந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. இரத்த வாந்தியும் தார் போன்ற கறுப்பு மலமும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். 60 வயதை ஒட்டி முதன்முறையாகத் தொடங்கும் எரிச்சலையும், மருத்துவர் தந்த அமிலக் குறைப்பு மாத்திரையை 8 வாரம் முறையாக எடுத்தும் அடங்காத எரிச்சலையும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். புண், குழாய்ச் சுருக்கம், புற்றுநோயாக மாறக்கூடிய திசு மாற்றம் ஆகியவற்றை எண்டோஸ்கோப்பியில் நேரில் கண்டு, தேவையானால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கலாம்.

நடக்கும்போது நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது இதயத்தின் அறிகுறியாக இருக்கலாம்; அப்போது முதலில் எடுக்க வேண்டியது இ.சி.ஜி.