எடை சரி, இடுப்பு எவ்வளவு?

2004-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான்: 22.3. எந்த அட்டவணையில் பார்த்தாலும் 'நார்மல்'. ஆனால் உடலில் இருக்கும் கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம் என்று வந்தது. இருவர் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால், மருத்துவ உலகம் இதை 'ஒய்-ஒய் முரண்' என்கிறது.

பி.எம்.ஐ. என்பது எளிய கணக்கு. கிலோவில் எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இதன் மூலம் 1830-களில் பெல்ஜியத்தில் வாழ்ந்த அடோல்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் அல்ல, வானியலாளர், புள்ளியியலாளர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியவர். 1972-இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்தான் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். ஆயிரக்கணக்கானோரை ஒன்றாக வைத்து ஆராய இது நல்ல கருவி. அந்த வேலையை இன்றும் ஒழுங்காகச் செய்கிறது. தனி ஒருவரின் உடலைப் பற்றி இதை மட்டும் கேட்கும்போதுதான் சிக்கல். எடை இயந்திரத்துக்குத் தசையும் ஒன்றுதான், கொழுப்பும் ஒன்றுதான்.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சாது. வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றி அடையும் கொழுப்பு அப்படியல்ல. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள், குடலின் ரத்தத்தைக் கொண்டுபோகும் நாளம் வழியாகக் கல்லீரலுக்குச் செல்கின்றன. கல்லீரலில் கொழுப்பு படியும். இன்சுலின் சொல்வதை அது சரியாகக் கேட்காது. சர்க்கரை, டிரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் மூன்றும் கைகோத்துக்கொண்டு ஏறுவது இப்படித்தான். 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்து 2005-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்விலும், பி.எம்.ஐ.யைவிட இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள விகிதமே மாரடைப்பு அபாயத்தை நன்றாகக் காட்டியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவர், உயரம் இருவருக்கும் 165 செ.மீ. முதலாமவர் அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர். கை கால் ஒல்லி, எடை 62 கிலோ, இடுப்பு 92 செ.மீ. இரண்டாமவர் பளு தூக்கும் பயிற்சி செய்பவர். எடை 75 கிலோ, இடுப்பு 80. பி.எம்.ஐ. முதலாமவருக்கு 22.8, இரண்டாமவருக்கு 27.5. நம் நாட்டு வரம்புப்படி 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். ஆகவே பருமன் முத்திரை இரண்டாமவர்மேல் விழும். முதலாமவரை யாரும் கவனிக்கமாட்டார்கள். சர்க்கரையைப் பரிசோதிக்க நான் முதலில் அனுப்புவது அந்த ஒல்லிக்காரரைத்தான்.

அளப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "எனக்கு பேண்ட் 34 இன்ச்தான் சார்" என்று சொல்பவரின் பெல்ட், தொப்பைக்குக் கீழே இறங்கிப்போயிருக்கும். பாவாடை நாடா கட்டும் இடமும் கணக்கில்லை. கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும், பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே டெய்லர் டேப்பை வெறும் தோல்மேல் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். டேப் சதையை அழுத்தக் கூடாது. சாதாரணமாக மூச்சை விட்டு, அந்த முடிவில் அளவைப் பாருங்கள். கண்ணாடிமுன் நிற்பதுபோல வயிற்றை உள்ளிழுத்தால் ஏமாறுவது நாம்தான்.

இடுப்பளவும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பையும் உள்ளே இருப்பதையும் டேப்பால் பிரித்துக் காட்ட முடியாது. கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. மிகவும் பருத்தவர்களிடம் புதிதாக எதுவும் சொல்லாது. இதன் பயன் அதிகம் தெரிவது, பி.எம்.ஐ. 'நார்மல்' அல்லது 'சற்று அதிகம்' என்று சொல்லி அனுப்பிவிடுபவர்களிடம்தான்.

இந்தியர்களுக்கான வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இது மறந்துபோனால், இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால், எடை இயந்திரம் என்ன சொன்னாலும் சரி, வெறும் வயிற்றில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு ஆகியவற்றை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.