கன்றும் கயிறும்

அன்புள்ள மருமகனுக்கு,

சூலக்கரை நிலத்தில் தென்னை வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். வத்திராயிருப்புத் தோப்புகளைப் பார்த்துவிட்டு வந்த ஆசை என்று புரிகிறது. அது மலையடிவாரம். மேற்கே பெய்கிற மழை ஓடையில் இறங்கி வரும். இங்கே நமக்குக் கரிசலும் கிணறும்தான். அங்கே நட்ட மாதிரியே இங்கேயும் நடலாம் என்று நினைத்துவிடாதே.

முதலில் கன்று. வேனில் ஏற்றி வந்து ஊர் ஊராக விற்கிறவரிடம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கன்று பசுமையாகத்தான் இருக்கும். ஆனால் அது எந்த மரத்துக் காய் என்று அவருக்கே தெரியாது. தெரிந்தாலும் பாதிதான் தெரியும். நெட்டைத் தென்னையில் பாளை வெடித்ததும் ஆண் பூக்கள் விரிந்து ஏறக்குறைய மூன்று வாரம் மகரந்தத்தை உதிர்க்கும். அவை ஓய்ந்த பிறகுதான் அதே பாளையிலுள்ள பெண் பூ மகரந்தம் ஏற்கத் தயாராகும். அதனால் அது பெரும்பாலும் பக்கத்து மரத்து மகரந்தத்தில்தான் காய்க்கிறது. தாய் மரம் கண் முன்னால் நிற்கும். தகப்பன் மரம் எதுவென்று காற்றுக்கும் தேனீக்கும்தான் தெரியும். குட்டை ரகத்தில் இரண்டு பூவும் ஒரே சமயத்தில் பக்குவப்படுவதால் பெரும்பாலும் தன் மகரந்தமே போதும். அதன் கன்று தாயைப் போலவே வரும்.

ஆகவே நெட்டைக் கன்று வாங்கும்போது ஒரு மரத்தைப் பார்க்காதே, தோப்பைப் பார். சுற்றி நிற்கிற மரங்களும் நன்றாகக் காய்த்தால் தகப்பனும் நல்லவனாக இருக்க வாய்ப்பு அதிகம். தாய் மரத்துக்கு வயது 25க்கு மேல் இருக்கட்டும். கொண்டையில் 30 மட்டைக்குக் குறையாமல் குடையாக விரிந்து நிற்க வேண்டும். குலைக்காம்பு குட்டையாகவும் தடித்தும் இருந்தால் குலை மட்டைமேல் உட்காரும், சுமையில் முறியாது. வருஷத்துக்கு 100 காய்க்குக் குறையாமல், ஒரு வருஷம் கொட்டி மறுவருஷம் ஏமாற்றாமல் காய்க்க வேண்டும். மாட்டுத் தொழுவத்தையும் சாக்கடையையும் ஒட்டி நிற்கிற மரத்தின் காயை மட்டும் எடுக்காதே. அது காய்ப்பது எருவின் தயவில். அதன் குழந்தைக்கு அந்த எரு வராது.

வீரிய ஒட்டு ரகம் என்கிறார்களே, அதுவும் இந்தத் தகப்பன் கணக்குதான். 1932இல் நீலேஸ்வரத்தில் ஜே. எஸ். பட்டேல் நெட்டையையும் குட்டையையும் உலகிலேயே முதன்முறையாக முறைப்படி கலந்தார். நெட்டையின் உழைப்பும் குட்டையின் சீக்கிரக் காய்ப்பும் ஒன்றாகச் சேர்ந்தன. ஆனால் அந்த ஒட்டு மரத்தில் விழும் காயை முளைக்கவைத்தால் கன்றுகள் ஒரே மாதிரி வராது; சில நெட்டைப் பக்கம் போகும், சில குட்டைப் பக்கம் போகும். வெளியில் மலிவாக விற்கிற ‘ஒட்டுக் கன்று’களில் இப்படிப்பட்டவை நிறைய உண்டு. ஆரஞ்சுக் குட்டையைத் தாயாக வைத்து உண்டாக்கிய ஒட்டு என்றால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மட்டைக்காம்பு ஆரஞ்சு நிறமாக இருக்கும் கன்று தன் மகரந்தத்தில் உண்டான வெறும் குட்டை. பழுப்பு ஏறிய காம்புதான் கலந்தது. நெட்டையைத் தாயாக வைத்த ஒட்டில் இந்த அடையாளம் கிடையாது. விற்கிறவரின் நாணயத்தைத்தான் நம்ப வேண்டும்.

நம் மண்ணுக்கு ஒட்டு வேண்டாம் என்பதே என் முடிவு. அது நிறையத் தண்ணீரும் உரமும் கேட்கும். ஒரு கோடையில் கிணறு கைவிட்டால் நெட்டையைவிடச் சீக்கிரம் வாடும். வறட்சியைத் தாங்குவதற்கென்று தேர்ந்தெடுத்த நெட்டைகள் இருக்கின்றன. அந்தமான் நெட்டையிலிருந்து வந்தது வேப்பங்குளம் 3. அரசம்பட்டி நெட்டையிலிருந்து வந்தது ஆழியார்நகர் 1. காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும், பொறுத்துக்கொள்.

நாற்றங்காலில் உன் கையால் பொறுக்கு. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள்ளான கன்றில் ஐந்தாறு இலை இருக்க வேண்டும். கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இலை சீக்கிரம் ஓலையாகப் பிரிந்திருந்தால் நல்லது. உயரத்தைப் பார்த்து மயங்காதே. நெருக்கத்திலும் நிழலிலும் நின்ற கன்று ஒல்லியாக நெட்டையாக வளர்ந்திருக்கும். ஐந்து மாதத்துக்கு மேல் தாமதித்து முளைத்ததை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே.

இனி இடைவெளி. 20 அடி விட்டால் மரம் அதிகம் வருமே என்கிறாய். உன் நிலம் 300க்கு 200 அடி. வேலியிலிருந்து பன்னிரண்டரை அடி உள்ளே தள்ளி, 25 அடிக்கு ஒன்றாகச் சதுரமாக வைத்தால் நீளவாட்டில் 12, அகலவாட்டில் 8, ஆக 96 மரம். 20 அடி விட்டால் வேலியிலிருந்து 10 அடி தள்ளி 15க்கு 10, ஆக 150 மரம். கூடுதலாக வருகிற 54 மரம்தான் உன்னை ஆசைகாட்டுகிறது.

ஆனால் வளர்ந்த நெட்டையின் மட்டை ஒன்று பதினாறு, பதினெட்டு அடி நீளும். 25 அடியிலேயே பக்கத்து மரத்து ஓலைகள் தொட்டுக்கொள்ளும். 20 அடியில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். வெயிலைத் தேடி மரம் மெலிந்து உயரும், ஓர மரங்கள் வெளிப்பக்கம் சாயும். உள்ளே நிற்பவற்றில் குலை சிறுத்து, குரும்பை கொட்டும். அப்படி ஒரு தோப்புக்குள் நடந்து பார். வேலியோர மரத்தில் காய் நிறைந்திருக்கும், நடுவில் நிற்பது வெறுமையாக இருக்கும். அதைப் பார்க்கும்போது உனக்கு வயதாகியிருக்கும், மரத்தை இடம் மாற்றவும் முடியாது.

தண்ணீர்க் கணக்கும் இதையேதான் சொல்கிறது. வளர்ந்த மரத்துக்குக் கோடையில் சொட்டுநீரில் நாளுக்கு 65 லிட்டர் என்று வைத்தால் 96 மரத்துக்கு 6,240 லிட்டர் வேண்டும். 150 மரத்துக்கு 9,750 ஆகும். சித்திரையில் நம் கிணறு ஒரு நாளில் எவ்வளவு ஊறுகிறது என்று அளந்து பார்த்துவிட்டு முடிவு செய். தென்னையில் பஞ்சம் அந்த வருஷத்தோடு தீராது. பாளைக் கரு உருவானதிலிருந்து முற்றிய காய் இறங்க 44 மாதம் ஆகும். ஒரு கோடையில் பட்ட காய்ச்சல் அடுத்த இரண்டு மூன்று வருஷக் குலைகளிலும் தெரியும்.

முக்கோண முறையில் நட்டால் இடம் மிச்சம் என்பார்கள். வரிசைக்கு வரிசை 21 அடி 8 அங்குலம் விட்டு, ஒன்றுவிட்டு ஒரு வரிசையைப் பாதி தூரம் தள்ளி நட வேண்டும். பெரிய தோப்பில் நூற்றுக்குப் பதினைந்து மரம் கூடும். உன் நிலத்தில் ஒன்பது வரிசை வரும். தள்ளி நடும் நான்கு வரிசையிலும் ஒவ்வொரு மரம் குறையும். மொத்தம் 104. எட்டு மரத்துக்காக நேர்கோட்டில் உழும் வசதியை விடாதே. சதுரமாகவே நடு.

கன்று வாங்கப் போகுமுன் நிலத்தின் இரண்டு மூலைகளிலும் நடுவிலும் மூன்றடி ஆழத்தில் குழி எடுத்துப் பார். மூன்றடிக்குள் சுக்கான் தட்டினால் அந்தப் பக்கம் தென்னையை மறந்துவிடு. தட்டாத குழியில் தண்ணீர் நிரப்பிவை. மறுநாளும் தேங்கி நின்றால் கரிசல் வடியவில்லை, கன்றின் வேர் அழுகும். அங்கே மண்ணைக் குவித்து மேட்டில் நட வேண்டும். தண்ணீர் இறங்கினால் மேல்மண்ணும் மக்கிய எருவும் மணலும் கலந்து இரண்டடி வரை நிரப்பி, மீதிக் குழிக்குள் கன்றை வை. காய் மூடும் அளவு மண் போட்டால் போதும், கழுத்து மண்ணுக்கு மேலே இருக்கட்டும். மழை அடித்து வரும் மண் குருத்துக்குள் போனால் அடுத்த நாளே எடுத்துவிடு. ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் மார்கழியில் நட்டால், கோடைக்கு முன் வேர் பிடித்துவிடும். முதல் பங்குனி, சித்திரைக்கு மேற்கு வெயில் படாமல் கிடுகு கட்டு.

கன்றை ஏற்றி இறக்கும்போது இலையைப் பிடித்துத் தூக்க விடாதே, தேங்காயைப் பிடித்துத் தூக்கச் சொல். இலையை இழுத்தால் காய்க்கும் முளைக்கும் உள்ள இணைப்பு அறுந்துபோகும். நட்ட பிறகும் வெகு நாள் கன்று அந்தப் பருப்பைத்தான் தின்று வளரும். தேவைக்கு மேல் பத்துக் கன்று சேர்த்து வாங்கி ஓரமாக வளர்த்து வை. பட்டுப்போன இடத்தில் அதே வயதுக் கன்றை வைத்தால்தான் பின்னால் நிழலில் சிக்காது.

இப்படிக்கு,
மாமா