தேதி கடந்த உணவு: எதை வைத்துக்கொள்ளலாம், எதை எறிந்துவிட வேண்டும்?

ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை குளிர்பதனப் பெட்டியைச் சுத்தம் செய்கிறார்கள். வீட்டில் மாமியார், ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள், மகன், நான்கு வயதுப் பேரன் ஆகியோர் இருக்கின்றனர். மாமியார் நான்கு பொருள்களை எடுத்து மேசைமீது வைக்கிறார்.

முதலாவது, பிரிக்கப்படாத பிஸ்கட் பொட்டலம். அதன் ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி கடந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இரண்டாவது, பிரிக்கப்படாத யுஎச்டி பால் பெட்டி. அதன் ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி கடந்து பத்து நாள் ஆகிறது. மூன்றாவது, காற்று நீக்கி அடைக்கப்பட்ட கோழி ஹாம் துண்டுகள். அதன் ‘யூஸ் பை’ தேதி நேற்று முன்தினம் முடிந்தது. நான்காவது, திறந்து ஆறு நாளான குளிர்ந்த பால். அதன் ‘யூஸ் பை’ தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

மாமியார் பிஸ்கட்டையும் பெட்டிப் பாலையும் எறிந்துவிடுகிறார், தேதி போய்விட்டது என்பதால். ஹாமைப் பிரித்து முகர்ந்து பார்க்கிறார். வாடை எதுவும் இல்லை. இரண்டு நாள்தானே என்று திரும்ப உள்ளே வைக்கிறார். குளிர்ந்த பாலுக்கு இன்னும் தேதி இருப்பதால் அதையும் வைத்துக்கொள்கிறார்.

நம்மில் பலரும் இப்படித்தான் செய்வோம். ஆனால் நான்கு முடிவுகளுமே மறுபரிசீலனை செய்யவேண்டியவை. எறிந்த இரண்டும் பெரும்பாலும் உண்ணத்தக்கவை. வைத்துக்கொண்ட இரண்டும்தான் ஆபத்தானவை.

இரண்டு தேதிகள், இரண்டு கேள்விகள்

‘பெஸ்ட் பிஃபோர்’ என்ற தேதி, உணவின் தரத்தைப் பற்றியது. சுவை, மணம், மொறுமொறுப்பு, நிறம் ஆகியவை அந்தத் தேதி வரை குறையாமல் இருக்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். தேதி கடந்த மறுநாளே அந்த உணவு நஞ்சாகிவிடுவதில்லை. பிஸ்கட், மீ, சர்க்கரை, காப்பித்தூள், தகர டப்பா உணவு, யுஎச்டி பால் போன்ற, கிருமிகள் எளிதில் வளர முடியாத உணவுகளில் பொதுவாக இந்தத் தேதியைக் காணலாம்.

‘யூஸ் பை’ என்ற தேதி, பாதுகாப்பைப் பற்றியது. குளிரூட்டி வைக்கப்பட்ட இறைச்சி, மீன், பால், சமைக்காமல் அப்படியே உண்ணும் ஹாம், புகையூட்டிய மீன் போன்றவற்றில் அது இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு அவற்றை உண்ணக்கூடாது. ‘எக்ஸ்பைரி டேட்’ என்று போட்டிருந்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

‘செல் பை’ என்பது, கடைக்காரர் எந்த நாள்வரை விற்கலாம் என்பதைக் காட்டுகிறது. வீட்டில் எத்தனை நாள் வைக்கலாம் என்பதை அதே பொட்டலத்தில் உள்ள மற்றக் குறிப்புகளில் பாருங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். சிங்கப்பூரில் தேதி கடந்த பொட்டல உணவைக் கடைகள் விற்கக்கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ கடந்த பொருளுக்கும் இது பொருந்தும். வீட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் பொருளை என்ன செய்வது என்பதையே இங்கு விளக்குகிறோம்.

மூக்கு ஏன் ஏமாற்றுகிறது?

உணவில் இரண்டு வகைக் கிருமிகள் வளரலாம். ஒரு வகை உணவைக் கெடச் செய்யும். பால் புளிப்பதும் இறைச்சி வழவழப்பாகி நாறுவதும் அவற்றால்தான். மற்றொரு வகை நம்மை நோயாளியாக்கும். அவை உணவின் மணத்தையோ நிறத்தையோ சுவையையோ மாற்றவேண்டும் என்பதில்லை. நம் மூக்கு முதல் வகையைத்தான் கண்டுபிடிக்கும்.

ஹாம் போன்ற உணவுகளில் அஞ்சவேண்டிய கிருமி லிஸ்டீரியா. பெரும்பாலான நோய்க்கிருமிகள் குளிர்பதனப் பெட்டியில் வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும். லிஸ்டீரியா அப்படியல்ல, 4 டிகிரி செல்சியசிலும் மெதுவாகப் பெருகும். காற்று நீக்கிய பொட்டலமும் அதைத் தடுக்காது. அதனால், நாள்தான் இங்கு முக்கியம். முதல் நாளில் மிகச் சிலவாக இருந்த கிருமிகள், நாள் செல்லச் செல்ல ஆபத்தான அளவை எட்டலாம். அந்த அளவை எட்டுவதற்கு முன்பே உண்டு முடிக்கும்படிதான் ‘யூஸ் பை’ தேதி கணக்கிடப்படுகிறது. நேற்று முன்தினத்துக்கும் இன்றைக்கும் ஹாமின் வாடையில் வேறுபாடு தெரியாததால் மாமியார் ஏமாந்தார்.

நல்ல உடல்நலம் உள்ள பெரியவர்களுக்கு லிஸ்டீரியா பெரும்பாலும் லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கோடு போய்விடலாம். கர்ப்பிணிக்கும் லேசான காய்ச்சல், உடல்வலி மட்டுமே வரலாம். ஆனால் கிருமி கருவிலுள்ள குழந்தையைத் தாக்கினால் கருச்சிதைவோ, குழந்தை இறந்து பிறப்பதோ நேரலாம். முதியவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அது இரத்தத்திலும் மூளையைச் சுற்றிய சவ்விலும் பரவலாம். அறிகுறிகள் உண்ட மறுநாளே தெரியவேண்டும் என்பதில்லை. சில வாரங்கள் கழித்தும் வரலாம். கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். அண்மை வாரங்களில் இப்படிப்பட்ட உணவை உண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

“நன்றாகச் சூடுபடுத்தினால் போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். உள்ளே வரை நன்கு சூடேறினால் லிஸ்டீரியா இறந்துவிடும் என்பது உண்மை. ஆனால் வேறு சில கிருமிகள் உணவில் நச்சுப் பொருளை விட்டுச்செல்கின்றன. கிருமி இறந்தாலும் அந்த நஞ்சு கொதிக்கும் சூட்டையும் தாங்கி நிற்கக்கூடும். ஆகவே, ‘யூஸ் பை’ கடந்த உணவைச் சமைத்துக் காப்பாற்ற முயலாதீர்கள்.

பெட்டிப் பாலும் பிஸ்கட்டும்

யுஎச்டி பாலை ஏறக்குறைய 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கி, கிருமி நீக்கிய பெட்டியில் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். உள்ளே வளரக்கூடிய கிருமி இல்லாததால் அது வெளியிலேயே பல மாதம் இருக்கிறது. ஆனால் பாலில் இயல்பாக உள்ள சில நொதிகள் அந்தச் சூட்டையும் தாங்குகின்றன. அவை மிக மெதுவாகப் பாலின் புரதத்தைச் சிதைப்பதால், மாதங்கள் கழிந்தபின் பால் சற்றுக் கசக்கலாம், கெட்டியாகலாம். ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி அதைத்தான் குறிக்கிறது. பத்து நாள் கடந்த பெட்டி உப்பாமல், கசியாமல் இருந்தால் திறந்து பாருங்கள். மணமும் சுவையும் சரியாக இருந்தால் பயன்படுத்தலாம்.

பிஸ்கட்டில் ஈரம் மிகக் குறைவு. அதில் கிருமிகள் வளர முடியாது. நாளாக ஆக அதிலுள்ள எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். நம் ஊரின் ஈரக்காற்றில் பொட்டலம் சற்றுத் திறந்திருந்தாலும் பிஸ்கட் நமத்துப்போகும். இங்கே உங்கள் மூக்கையும் நாக்கையும் நம்பலாம். ஆனால் எந்த உணவிலாவது பூஞ்சை தெரிந்தால் முழுவதையும் எறிந்துவிடுங்கள். குறிப்பாக நிலக்கடலை, பருப்பு வகை, தானியங்களில் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு, கழுவினாலும் வறுத்தாலும் முழுமையாக நீங்காது.

தகர டப்பாக்களுக்கும் இதே முறைதான். ஆனால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். டப்பா உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, மூட்டுப் பகுதி நசுங்கியிருந்தாலோ, துரு ஆழமாக அரித்திருந்தாலோ, தேதி மிச்சமிருந்தாலும் திறக்காமல் எறியுங்கள். சுவைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

குழந்தைகளுக்கான பால்மாவுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. எந்தச் சொல்லோடு தேதி போட்டிருந்தாலும், அது கடந்தபின் கொடுக்காதீர்கள். அதிலுள்ள வைட்டமின்கள் காலப்போக்கில் குறைகின்றன. பால்மாவை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தைக்கு வேறு வழியில் அவை கிடைக்காது.

தேதி இருந்தும் பால் ஏன் ஆகாது?

பொட்டலத்தில் உள்ள தேதி இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பொட்டலம் திறக்கப்படாமல் இருக்கவேண்டும். பொட்டலத்தில் சொல்லப்பட்ட குளிர்நிலையில் அது வைக்கப்பட்டிருக்கவேண்டும்.

திறந்த அந்த நொடியிலிருந்து அச்சிட்ட தேதியை விட்டுவிடுங்கள். பொட்டலத்தின் பக்கத்தில் சிறிய எழுத்தில், திறந்தபின் எத்தனை நாளில் முடிக்கவேண்டும் என்று இருக்கும். அந்த வீட்டின் பால் பெட்டியில் மூன்று நாள் என்று போட்டிருந்தது. ஆறு நாள் ஆகிவிட்டது. யுஎச்டி பாலும் திறந்தபின் சாதாரணப் பாலைப் போலத்தான். அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, குறிப்பிட்ட நாளுக்குள் முடிக்கவேண்டும். பெட்டிமேல் திறந்த நாளை ஒரு பேனாவால் எழுதி வைத்தால் சந்தேகமே வராது.

இரண்டாவது நிபந்தனை குளிர்நிலை. குளிரூட்டிய உணவுகளின் தேதி, அவை 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தன என்ற கணக்கில் போடப்படுகிறது. கதவுத் தட்டு அடிக்கடி திறப்பதால் வெப்பமாக இருக்கும். பாலையும் இறைச்சியையும் உள்தட்டில் வையுங்கள். பெட்டிக்குள் ஒரு சிறிய வெப்பமானியை வைத்துப் பாருங்கள். பேரங்காடியில் குளிர்ந்த பொருளைக் கடைசியாக எடுத்து, நேரே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மதியம் முழுவதும் மேசைமீது கிடந்த ஹாமுக்குத் தேதி ஒரு வாரம் இருந்தாலும் அந்தத் தேதிக்கு இனிப் பொருளில்லை.

வீணாக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

‘யூஸ் பை’ தேதிக்குள் உண்ண முடியாது என்று தெரிந்தால், பொட்டலத்தில் உறைய வைக்கலாம் என்று இருந்தால், தேதி முடிவதற்குள் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். −18 டிகிரியில் கிருமிகள் வளராது. ஆனால் இறப்பதும் இல்லை. உறைநிலை நீங்கியதும் அவை மீண்டும் வளரத் தொடங்கும். அதனால் மேசைமீது வைக்காமல் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைநிலையை நீக்குங்கள். நீங்கியபின் ஒரு நாளுக்குள் சமைத்து உண்ணுங்கள். தேதி முடிந்த பிறகு உறைய வைப்பதால் பயனில்லை.

அடுத்த முறை ஒரு பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது வரிசையாக மூன்றைப் பாருங்கள். தேதிக்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது? பொட்டலம் எப்போது திறக்கப்பட்டது? எங்கே, எந்தக் குளிரில் இருந்தது? ‘யூஸ் பை’ கடந்திருந்தால் முகர்ந்து பார்க்காமல் எறியுங்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ கடந்து, பொட்டலம் பழுதில்லாமல் இருந்தால், எறிவதற்கு முன் திறந்து பாருங்கள்.